கடன் வாங்க முடியாத அடி

தென்னூரில் நான் டென்னிஸ் பழகிய மண் கோர்ட் இப்போது இல்லை. அந்த இடத்தில் நான்கு மாடி அபார்ட்மென்ட் நிற்கிறது. கோர்ட்டின் ஒரு முனையில் நின்றால் மலைக்கோட்டை தெரியும். அந்த முனையிலிருந்து சர்வ் போடும்போது பந்தை உச்சிப்பிள்ளையாருக்கு நேராகத் தூக்கிப் போடச் சொல்வார் எங்கள் கோச். பந்து மேலே போனதும் பின்னாலிருந்து குரல் வரும்: “மணிக்கட்டை ஒடி தம்பி! எல்லாம் மணிக்கட்டுலதான் இருக்கு!”

ஒடித்தேன். ஏழெட்டு வருஷம் ஒடித்தேன். 2011 கடைசியில் ஒருநாள் காலையில் சட்டை போட வலது கையைப் பின்னால் கொண்டுபோனேன், போகவில்லை. ஒடிந்தது மணிக்கட்டு இல்லை, தோள்.

பிசியோதெரபிஸ்ட் என்னை மல்லாக்கப் படுக்க வைத்தார். மேல்கையைப் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையை மடித்து, முன்கையை மெதுவாக உள்பக்கமாக, பாதத்தின் திசையில் சாய்த்தார். இடது கை தாராளமாகச் சாய்ந்தது. வலது கை பாதி தூரத்திலேயே நின்றுவிட்டது. “சர்வ் போடுறவங்க எல்லாருக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். இருபது டிகிரியைத் தாண்டினா கவனிக்கணும். உங்களுக்குத் தாண்டிருச்சு” என்றார். பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார். “சர்வ் போட்டு முடிச்சதும் எந்தக் கால்ல இறங்குறீங்க?”

எனக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது, நான் எந்தக் காலிலும் இறங்குவதில்லை. ஏறினால்தானே இறங்க.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. கூடவே, டென்னிஸைப் பற்றி நாம் எழுதுகிற விதத்தைப் பற்றியும் எனக்கு ஒரு புகார் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்த மாதமே வாய்ப்பு வந்தது. 2012 ஜனவரி 8, ஞாயிற்றுக்கிழமை, நுங்கம்பாக்கத்தில் சென்னை ஓப்பன் இறுதிப்போட்டி. கனடாவின் மிலோஸ் ரயோனிச்சும் செர்பியாவின் யாங்கோ டிப்சாரெவிச்சும். நானும் நண்பனும் சனிக்கிழமை ராத்திரி திருச்சியில் பஸ் ஏறினோம். கிடைத்தது மலிவான டிக்கெட், பேஸ்லைனுக்குப் பின்பக்கம், உயரத்தில். அதுதான் நல்ல இடம் என்று பிறகு தெரிந்தது. டிவியில் சர்வைப் பார்க்கும்போது நம் கண் பந்தைத் தேடித் தாவிவிடும். கால்கள் ஃபிரேமின் அடியில் சும்மா இருப்பதுபோலத் தோன்றும். நான் அன்று ஒரு முடிவோடு உட்கார்ந்தேன், பந்தைப் பார்ப்பதில்லை. “டேய், பந்தைப் பாக்காம என்னடா மேட்ச் பாக்கற?” என்று நண்பன் கடைசிவரை திட்டிக்கொண்டிருந்தான்.

அந்த வாரம் முழுக்க ரயோனிச் தன் சர்வை ஒருமுறைகூட இழக்கவில்லை. இறுதிப்போட்டியின் மூன்று செட்டும் டை-பிரேக்கரில் முடிந்தன: 6-7, 7-6, 7-6. பட்டம் அவருக்கு. ஆறே மாதத்துக்கு முன், 2011 விம்பிள்டனில் வழுக்கி விழுந்து இடுப்பில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் அவர். எழுதுகிறவர்கள் அவருடைய கையைப் பற்றி, உயரத்தைப் பற்றி (196 செ.மீ.) எழுதினார்கள். ஆனால் அந்த வாரம் நிஜமாகத் தேறி வந்திருந்தது அந்த இடுப்பு.

இனி நான் பார்த்ததைச் சொல்கிறேன். வலது கைக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இடது கை பந்தைத் தூக்கிப் போடுகிறது. அதே சமயம் முழங்கால்கள் மடங்குகின்றன. இடுப்பு கோட்டைத் தாண்டி முன்னால் தள்ளுகிறது. இடது தோள் மேலே, வலது தோள் கீழே, முதுகு வில்லாக வளைந்திருக்கிறது. இந்தக் கட்டத்தில் ராக்கெட் ஒன்றுமே செய்யவில்லை, தலைக்குப் பக்கத்தில் சோம்பேறியாக நிற்கிறது. பிறகு கால்கள் தரையை உதைக்கின்றன. உடம்பு மேலே போகிறது. இங்கேதான் எனக்கு நாற்காலியிலிருந்து எழுந்துவிடத் தோன்றியது. உடம்பு மேலே போகும் அதே நொடியில் ராக்கெட் கீழே போகிறது. முதுகுக்குப் பின்னால், தரையை நோக்கி. அதை யாரும் கீழே தள்ளவில்லை. உடம்பு கிளம்பிவிட்டது, ராக்கெட் கிளம்பவில்லை, அவ்வளவுதான். டவுன் பஸ் சட்டென்று கிளம்பும்போது நின்றுகொண்டிருப்பவர் பின்னால் சாய்கிற மாதிரி.

அப்படிப் பின்தங்கும் ராக்கெட், மேல்கையைத் தன் அச்சிலேயே பின்னால் முறுக்குகிறது. சிட்னி 2000 ஒலிம்பிக்கில் ஆடியவர்களின் சர்வைப் படம் பிடித்து ஆராய்ந்தவர்கள் இந்த முறுக்கை அளந்தார்கள், ஏறத்தாழ 170 டிகிரி. அதாவது முன்கை கிட்டத்தட்ட முதுகுக்கு இணையாகத் தொங்குகிறது. தோளின் முன்பக்கத் தசைகள் ரப்பர்போல இழுபட்டு நிற்கின்றன. இந்த முறுக்கைக் கையாலேயே வரவழைக்க முடியாதா என்றால், ஓரளவு முடியும். நான் ஏழெட்டு வருஷம் அதைத்தான் செய்தேன். ராக்கெட்டை நானே முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைப்பேன், நிறுத்துவேன், பிறகு அடிப்பேன். நிறுத்திய கணத்தில் இழுத்த ரப்பர் தளர்ந்துவிடுகிறது என்பது எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு எல்லாம் கண்ணுக்குப் பிடிபடாத வேகம். இடுப்பு திரும்புகிறது, அதன் பின்னால் மார்பு திரும்புகிறது. இடது கை வயிற்றோடு ஒட்டிக்கொள்ள, வலது தோள் இடது தோளுக்கு மேலே ஏறி வருகிறது. முழங்கை நீள்கிறது. ஆகக் கடைசியில், பின்னால் முறுக்கிய மேல்கை எதிர்ப்பக்கமாக, உள்நோக்கிச் சுழல்கிறது. அதே சிட்னி அளவீட்டில் ஆண்களுக்கு இந்தச் சுழற்சியின் உச்ச வேகம் நொடிக்கு 2,400 டிகிரி. விளையாட்டில் மனித மூட்டு செய்யும் மிக வேகமான காரியங்களில் இது ஒன்று. கூடவே முன்கையும் அதே திசையில் புரள்கிறது. உள்ளங்கை வெளிப்பக்கம் பார்க்கும்படி, கட்டைவிரல் கீழே போகும்படி. பந்து அடிபட்டாயிற்று. ரயோனிச் கோர்ட்டுக்குள்ளே இடது காலில் வந்து இறங்குகிறார். வலது கால் பின்னால் உயர்ந்திருக்கிறது.

என் பிசியோதெரபிஸ்ட் கேட்ட காலை அன்றுதான் பார்த்தேன்.

இப்போது ஒரு முரண்பாடு. விளையாட்டு மருத்துவரான பென் கிப்லர் தொண்ணூறுகளில் சர்வின் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று கணக்கிட்டார். பாதிக்குச் சற்று மேல் கால், இடுப்பு, உடல் ஆகியவற்றிலிருந்து வருகிறது. தோளின் பங்கு 13 சதவீதம்தான். அதே காலத்தில் ஆஸ்திரேலியாவின் புரூஸ் எலியட்டும் கூட்டாளிகளும் வேறொன்றை அளந்தார்கள். பந்தைத் தொடும் நொடியில் ராக்கெட்டின் வேகத்துக்கு எந்த அசைவு எவ்வளவு கொடுக்கிறது என்பது அவர்கள் கேள்வி. மேல்கையின் உள்நோக்கிய சுழற்சி மட்டும் பாதிக்கு மேல் கொடுக்கிறது என்று வந்தது. தோள் 13 சதவீதமா, பாதியா?

இரண்டும் சரிதான். திருச்சிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். கல்லணையின் மதகு வழியாகத்தான் டெல்டாவுக்குத் தண்ணீர் பாய்கிறது. அதற்காகக் கல்லணையில் மழை பெய்கிறது என்று யாரும் சொல்வதில்லை. மழை குடகில், தேக்கம் மேட்டூரில். கிப்லர் மழை எங்கே என்று கேட்டார், எலியட் மதகு எது என்று கேட்டார். தோள் மதகு. தானே மழையாக முயல்கிற தோளுக்கு என்ன ஆகும் என்பதற்கும் கிப்லரிடம் ஒரு கணக்கு இருக்கிறது. இடுப்பும் உடலும் தர வேண்டிய ஆற்றல் 20 சதவீதம் குறைந்தால், கைக்கு அதே விசை கிடைக்கத் தோள் 34 சதவீதம் அதிக வேகமாகச் சுழல வேண்டும்.

இதை என்மேல் பொருத்திப் பார்த்தேன். மாலையில் ஒரு நூறு சர்வ் போடுவேன். காலை உதைக்காமல், இடுப்பு பின்தங்கி, உடம்பு நேராக நின்றபடி. வேகம் மட்டும் நண்பர்களுக்குக் குறையக் கூடாது. அப்படியானால் அந்த மீதி வேகம் முழுவதையும் தோள்தான் கொடுத்திருக்கிறது. கொடுத்தது மட்டுமில்லை, பந்து போன பிறகு அந்தச் சுழற்சியை நிறுத்தவும் வேண்டும். நிறுத்துவது தோளுக்குப் பின்னால் இருக்கும் சின்னத் தசைகள். முன்னால் சுழற்றுபவை மார்பிலும் முதுகிலும் இருக்கும் பெரிய தசைகள். லாரி எஞ்சினுக்குச் சைக்கிள் பிரேக். ஒவ்வொரு சர்விலும் அந்தச் சின்னத் தசைகள் இழுபட்டு, நாளடைவில் இறுகி, தோளின் பின்பக்கம் விறைத்துப் போகிறது. மல்லாக்கப் படுத்து முன்கையைச் சாய்த்தபோது பாதியில் நின்றதே, அது இதுதான்.

மணிக்கட்டு? அது அசையாமல் இல்லை. பின்னால் சாய்ந்திருந்த மணிக்கட்டு அடிபடும் நேரத்தில் நேராகிறது, அதுவும் வேகம் தருகிறது. எலியட்டின் அளவீட்டில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக்கூட வருகிறது. ஆனால் பெரும்பாலும் அது சாட்டையின் நுனி திரும்புவதைப்போல, பின்னாலிருந்து வந்த வேகத்தால் நடப்பது. மணிக்கட்டை வேண்டுமென்றே மடக்க முயல்கிறவர் முன்கையை இறுக்குவார். இறுகிய முன்கை புரளாது. நம் கண் ஏமாறுவது இந்த இடத்தில்தான். முன்கை புரள்வதைத் தூரத்திலிருந்து பார்த்தால் மணிக்கட்டு மடங்குவதுபோலவே தெரியும். எங்கள் கோச் பொய் சொல்லவில்லை, தான் பார்த்ததைச் சொன்னார்.

உங்களுக்கு எது நடக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நண்பரைப் பின்னால் நிற்கவைத்து மொபைலில் ஸ்லோ மோஷன் எடுக்கச் சொல்லுங்கள். ராக்கெட் அடிக்கக் கிளம்பும்போது அதன் முகம் வானத்தைப் பார்த்து, உள்ளங்கை மேலே ஏந்தியபடி இருந்தால், ஓட்டல் சர்வர் தட்டு கொண்டுவருகிற மாதிரி, முன்கைக்குப் புரள இடமே இல்லை. பந்தைத் தட்டத்தான் முடியும். சர்வர் போடுகிற சர்வ். திருச்சியில் வார இறுதியில் ஆடுகிற பாதிப் பேர் இதைத்தான் போடுகிறோம், காரணம் பிடி. ராக்கெட்டைத் தோசைத் திருப்பிபோலப் பிடித்தால் இப்படித்தான் வரும். சுத்தியல் பிடிப்பதுபோலப் பிடித்தால், ராக்கெட்டின் விளிம்புதான் பந்தை நோக்கிக் கிளம்பும். முகம் பந்துக்குத் திரும்ப வேண்டுமென்றால் முன்கை புரண்டே ஆக வேண்டும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

காலுக்கும் ஒரு சோதனை உண்டு. ஆராய்ச்சியாளர்கள் ஆட்டக்காரர்களின் முழங்காலை மடக்க விடாமல் கட்டிவிட்டு சர்வ் போடச் சொன்னார்கள். வேகம் குறைந்தது. நான் வீட்டில் இதன் ஏழைப் பதிப்பைச் செய்தேன். நாற்காலியில் உட்கார்ந்து பத்து சர்வ், பிறகு நின்று பத்து சர்வ். ஒழுங்காகப் போடுகிறவருக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்த வித்தியாசம் அவமானகரமாகக் குறைவு. நான் நின்றுகொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போது அந்தப் புகார். டேவிட் ஃபாஸ்டர் வாலஸ் 2006-ல் ஃபெடரரைப் பற்றி எழுதிய கட்டுரையை நாம் எல்லாரும் படித்தோம். அதற்குப் பிறகு டென்னிஸைப் பற்றி இலக்கியக்காரர்கள் எழுதும்போது ஒரு தரிசனத் தொனி வந்து ஒட்டிக்கொள்கிறது. வாலஸ் ஜூனியர் போட்டிகளில் ஆடியவர், அவருக்குக் கோணமும் காற்றும் தெரியும். நமக்கு அந்தத் தொனி மட்டும் கிடைத்தது. தமிழில் அது இன்னொரு பழைய பழக்கத்தோடு சேர்ந்துகொண்டது. ஒரு பக்கம் கலைஞன், இன்னொரு பக்கம் பலசாலி என்று பிரிப்பது. ‘கை நுணுக்கம்’ என்றால் உயர்வு, சர்வ் வேகம் என்றால் கொஞ்சம் முரட்டுத்தனம்.

இந்தப் பிரிவினையின் நாயகர்கள் நம்மூர் கிருஷ்ணன்கள். அப்பா ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு ஆண்டும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனவர். மகன் ரமேஷ் கிருஷ்ணன் மூன்று முறை கிராண்ட்ஸ்லாம் காலிறுதி ஆடியவர். இருவரின் சர்வும் மென்மையானது என்பது டென்னிஸ் உலகம் அறிந்தது. ரமேஷின் சர்வைப் பற்றிப் பேசும்போது நம் ரசிகர்கள் குரலில் ஒரு பெருமை வரும், ஏதோ அவர் நாகரிகம் கருதி மெதுவாகப் போட்டதுபோல. சின்ன வயதில் நானும் அப்படித்தான் நம்பினேன். அது அவரைப் பாராட்டுவது ஆகாது. அவர் செய்தது என்ன என்று பார்க்காமல் விடுவதுதான்.

1989 ஆஸ்திரேலியன் ஓப்பனில் அவர் மாட்ஸ் விலாண்டரை நேர் செட்களில் வென்றார். விலாண்டர் அப்போது உலகின் முதலிடத்தில் இருந்தார், முந்தைய ஆண்டின் சாம்பியன். ரமேஷின் ஆட்டம் முழுவதும் ஒரு கொள்கையில் நிற்கிறது. பந்தைச் சீக்கிரமே, எழும்பும்போதே எடுப்பது, எதிராளியின் வேகத்தையே திருப்பித் தருவது. குறுகிய வீச்சு, சரியான நேரம், சரியான கோணம். வேகம் அடுத்தவருடையது, திசை மட்டும் ரமேஷுடையது. இதற்குக் கையும் கண்ணும் எவ்வளவு நுட்பமாக இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் டென்னிஸில் ஒரே ஒரு அடிக்கு அடுத்தவரிடம் கடன் வாங்க முடியாது. சர்வ் போடும்போது பந்து காற்றில் கிட்டத்தட்ட நின்றுகொண்டிருக்கிறது. அதற்கென்று வேகம் கிடையாது. எல்லாவற்றையும் தரையிலிருந்து, சொந்தக் காலிலிருந்து உண்டாக்க வேண்டும். கடன் வாங்குவதில் மேதையான ஒருவருடைய சர்வ் மென்மையாக இருந்தது என்பதில் முரணும் இல்லை, அறமும் இல்லை. அவை இரண்டும் வேறு வேறு தொழில்கள். கலைஞன், பலசாலி என்று பிரித்தவர்கள் தவறான இடத்தில் கோடு போட்டார்கள். ரயோனிச்சின் சர்வில் நுணுக்கம் இல்லையென்று சொல்பவர், கால் உதைக்கும் நொடிக்கும் தோள் சுழலும் நொடிக்கும் நடுவே இருக்கும் அந்த வரிசையைப் பார்க்கவில்லை. ஒரு கண்ணி முந்தினாலும் பிந்தினாலும் அடுத்தது வெறும் கையோடு நிற்கும்.

ராமநாதன் கிருஷ்ணனைப் பற்றி ஒரு கூடுதல் தகவல். அறுபதுகளின் தொடக்கம் வரை, பந்தை அடித்து முடிக்கும்வரை ஒரு காலாவது தரையில் இருந்தாக வேண்டும் என்பது விதி. இன்று நாம் பார்க்கும் அந்தக் குதிப்புக்கு அப்போது இடமில்லை. அவர் சர்வ் பழகியது அந்த விதியின் கீழ். இதை அவருக்கான சாக்காகச் சொல்லவில்லை. அதே விதியின் கீழ்தான் பாஞ்சோ கொன்சாலஸ் அந்தக் காலத்தின் பயங்கரமான சர்வைப் போட்டார். காலைத் தரையில் வைத்தபடியே தரையை உதைக்கலாம், இடுப்பைத் திருப்பலாம். குதிப்பது உதைத்ததன் விளைவு. அதனால்தான் இப்போது பயிற்சி வீடியோக்களைப் பார்த்து வெறுமனே குதிக்கிற பையன்களுக்கு வேகம் வருவதில்லை. குதித்து முடித்து, பிறகு கையால் அடிக்கிறார்கள். வரிசை அறுந்துவிட்டது.

எனக்குத் தோள் சரியாக எட்டு மாதம் ஆனது. பின்பக்கத் தசைகளை இளக்குவது, வலுவாக்குவது, அதெல்லாம் ஒரு பக்கம். மறுபக்கம் சர்வை அடியிலிருந்து பழகினேன். ராக்கெட்டே இல்லாமல், பழைய பந்தை வேலிக்கு மேலே உயரமாக எறிவது. உயரமாக எறிய வேண்டுமென்றால் முழங்கால் தானாக மடங்கும். என் வேகம் முன்பைவிடக் கூடவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நூறு சர்வுக்குப் பிறகு தொடை வலிக்கிறது. தோள் வலிப்பதில்லை. மூன்றாவது செட்டில் களைத்தால் பழைய வியாதி திரும்பும். முதலில் கால் மடங்குவது நிற்கும், பிறகு பந்து தாழ்வாக எழும்பும், முழங்கை தோளுக்குக் கீழே இறங்கும். அந்த மூன்றாவது அறிகுறி வந்தால் ராக்கெட்டைப் பையில் வைத்துவிடுவேன்.

இப்போது ஞாயிறு காலையில் அக்கா பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகிறேன். பதினொரு வயது. போன வாரம் இருபது சர்வ் போட்டுவிட்டு வந்து நின்றாள்.

“மாமா, கால் வலிக்குது.”

“கை?”

“கை வலிக்கல. நான் கையால அடிக்கவே இல்லையே.”

இன்னொரு பந்தைக் கொடுத்தேன். தூக்கிப் போட்டாள், மடங்கினாள், உதைத்தாள். பந்து வலையின் நடுவில் போய் விழுந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. குனிந்து, கோட்டுக்கு உள்ளே மண்ணில் பதிந்திருந்த தன் இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.